இரண்டு குவாரிகள், 26 இறப்புகள், ஒரு சிவப்புக் கோடு

கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா, நான் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு மாணவி. சமூக மருத்துவப் பாடத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு பயிற்சித் தாள் கொடுத்தார்கள். இரண்டு கல்குவாரிகள். ஒவ்வொன்றிலும் 5 ஆண்டுகளில் 5,000 ஆள்-ஆண்டுகள்; ஒருவர் ஓராண்டு பணியில் இருந்தால் ஓர் ஆள்-ஆண்டு. முதல் குவாரியில் 20–39 வயதில் 4,000, 40–59 வயதில் 1,000. இரண்டாவதில் இது தலைகீழ்: 1,000, 4,000. இறந்தவர்கள் முறையே 26, 44. மாநிலத்தின் ஆண்டு இறப்பு வீதம் இளையோரில் ஆயிரத்துக்கு 2, மூத்தோரில் 10. தரப்படுத்திய இறப்பு விகிதம், அதாவது எஸ்.எம்.ஆர்., 144, 105 என்று வந்தது. "எனவே முதல் குவாரியே அதிக ஆபத்தானது" என்று எழுதினேன். ஆசிரியர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டார். காரணம் எழுதவில்லை. குழுவில் இருப்பவர்களோ இதே வாக்கியத்தைப் போஸ்டரில் போடவேண்டும் என்கிறார்கள்.

தாளின் இரண்டாம் பகுதி ஒரு மாவட்டத்தின் ஆயுள் அட்டவணை. பிறப்பின்போது ஆயுள் எதிர்பார்ப்பு 68 என்று வருகிறது. 60 வயதுக்காரருக்கு இன்னும் 8 ஆண்டுகள் என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டார். ஐந்தாண்டு வயதுப் பிரிவுகளுக்கு இறப்பு வீதத்தை 5-ஆல் பெருக்கினேன். 85-க்கு மேல் வீதம் 0.20, பெருக்கினால் சரியாக 1 வந்தது. எல்லோரும் இறந்தாகவேண்டும் என்பதால் அது சரிதானே? குவாரித் தொழிலாளர்களுக்கும் இப்படி ஓர் ஆயுள் அட்டவணை போட்டுக் காட்டலாமா? வெள்ளிக்கிழமை திருத்திக் கொடுக்கவேண்டும்.

– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்

அன்புள்ள மாணவிக்கு,

எஸ்.எம்.ஆர். கணக்கில் நீங்கள் ஓர் இலக்கத்தைக்கூடத் தவறவிடவில்லை. 144-ம் சரி, 105-ம் சரி. தவறு அந்த "எனவே"யில் இருக்கிறது. உங்கள் ஆசிரியர் காரணத்தை ஒரு வரியில் எழுதியிருக்கலாம். முப்பது விடைத்தாள் திருத்திய கை, முப்பத்தோராவதில் கோடு மட்டும் போட்டுவிட்டு நகர்ந்திருக்கும். நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

என் வகுப்பில் சூத்திரத்தை எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வேன்: வீதம் யாருடையது, ஆட்கள் யாருடையவர்கள்? இறப்பு வீதங்களை ஒப்பிடும் முறை எதுவாக இருந்தாலும் அது ஓர் ஊரின் வீதங்களை ஒரு மக்கள் கூட்டத்தின்மீது ஏற்றிப் பார்ப்பதுதான். எஸ்.எம்.ஆரில் வீதம் மாநிலத்துடையது, ஆட்கள் குவாரியின் ஆட்கள். ஆயுள் அட்டவணையில் வீதம் நம் மாவட்டத்துடையது. ஆட்களோ காகிதத்தில் மட்டும் பிறந்து காகிதத்திலேயே இறக்கிற ஒரு லட்சம் பேர். உங்கள் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியில் அவிழ்ந்துவிடும்.

எதிர்பார்த்த இறப்பு என்றால் என்ன

முதல் குவாரியை எடுத்துக்கொள்வோம். இந்தத் தொழிலாளர்கள் மாநிலத்தின் மற்ற மக்களைப் போலவே இறந்திருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள்? இளையோரின் 4,000 ஆள்-ஆண்டுகளுக்கு ஆயிரத்துக்கு 2 வீதம் 8 பேர். மூத்தோரின் 1,000 ஆள்-ஆண்டுகளுக்கு 10 பேர். ஆக 18. நடந்தது 26. இரண்டாவது குவாரியில் 2-ம் 40-ம் சேர்ந்து 42. நடந்தது 44.

```
முதல் குவாரி:     26 / 18 × 100 = 144
இரண்டாம் குவாரி:  44 / 42 × 100 = 105
```

144 என்பது ஆயிரத்துக்கு 144 பேர் என்றாகாது. இதே வயதுக்காரர்கள் மாநில வீதத்தில் இறந்திருந்தால் 100 பேர் இறந்திருக்கவேண்டிய இடத்தில் 144 பேர் இறந்திருக்கிறார்கள் என்றே அதைப் படிக்கவேண்டும். அதாவது எதிர்பார்த்ததைவிட 44 சதவீதம் கூடுதல். இதுவரை ஒரு குவாரியை மாநிலத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் இந்த முறை பிறந்தது. இறந்தவர்களின் வயது தெரியாது, மொத்த எண்ணிக்கை மட்டும் தெரியும் என்ற நிலையிலும் இதைப் போடமுடிவது இதன் பெரிய வசதி. அந்த வசதிக்குக் கொடுக்கும் விலையைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

இரண்டு எஸ்.எம்.ஆர்.களை ஒன்றோடொன்று மோதவிடாதீர்கள்

உங்கள் தாளில் 26 பேரின் வயதுப் பிரிவினை இல்லை. நானே ஒன்றை வைத்துப் பார்க்கிறேன். முதல் குவாரியில் இளையோர் 16 பேர், மூத்தோர் 10 பேர் இறந்தார்கள் என்று வையுங்கள். இரண்டாவதில் இளையோர் 4 பேர், மூத்தோர் 40 பேர். கூட்டிப் பாருங்கள்: 26, 44. தாளிலுள்ள மொத்தத்தோடு ஒத்துப்போகிறது.

இப்போது வயதுவாரி வீதத்தைப் போடுங்கள். முதல் குவாரியில் இளையோருக்கு 4,000-த்தில் 16, ஆயிரத்துக்கு 4. மூத்தோருக்கு 1,000-த்தில் 10, ஆயிரத்துக்கு 10. இரண்டாவதில் இளையோருக்கு 1,000-த்தில் 4, ஆயிரத்துக்கு 4. மூத்தோருக்கு 4,000-த்தில் 40, ஆயிரத்துக்கு 10.

இரண்டு குவாரிகளிலும் வீதங்கள் இம்மியும் மாறவில்லை. 25 வயது இளைஞன் எந்தக் குவாரியில் வேலைக்குச் சேர்ந்தாலும் அவனுக்கு ஆபத்து ஒன்றே. 50 வயதுக்காரருக்கும் அப்படியே. ஆனாலும் எஸ்.எம்.ஆர். ஒன்றில் 144, மற்றொன்றில் 105!

காரணம் நம் கேள்வியில் இருக்கிறது. இரண்டு கணக்கிலும் வீதம் மாநிலத்துடையதுதான். ஆனால் ஆட்கள் வெவ்வேறு. இந்த உதாரணத்தில் குவாரி வேலை இளையோரின் இறப்பை இரட்டிப்பாக்குகிறது, மூத்தோரை மாநிலத்தின் அளவிலேயே விட்டுவிடுகிறது. முதல் குவாரியில் இளையோர் அதிகம், அதனால் அந்த இரட்டிப்பு எஸ்.எம்.ஆரில் பலமாக ஒலிக்கிறது. இரண்டாவதில் மூத்தோர் அதிகம், அங்கே அது அமுங்கிவிடுகிறது. ஒவ்வொரு எஸ்.எம்.ஆரும் தன் தன் ஆட்களின் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. வெவ்வேறு எடைக்கல்லில் நிறுத்த இரண்டு பொட்டலங்களைப் பக்கத்தில் வைத்து எது கனம் என்று சொல்லமுடியாது.

இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. வயதையே கணக்கில் எடுக்காமல் ஒட்டுமொத்த வீதத்தைப் போட்டால் முதல் குவாரிக்கு ஆயிரத்துக்கு 5.2, இரண்டாவதற்கு 8.8. அப்போது இரண்டாவதுதான் ஆபத்தானதாகத் தெரியும். எஸ்.எம்.ஆர். முதலாவதைக் காட்டுகிறது. உண்மையில் இரண்டும் சமமாக இருந்திருக்கலாம். ஒரே தரவு, மூன்று தீர்ப்புகள்.

"இருந்திருக்கலாம்" என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். அதே 26 பேர் 8-ம் 18-மாகவும் பிரிந்திருக்கக்கூடும். அப்போது இளையோர் மாநில அளவிலும் மூத்தோர் ஏறக்குறைய இருமடங்கிலும் இருப்பார்கள். அது வேறு கதை. உங்கள் தாளில் உள்ள எண்களை வைத்து எந்தக் கதை உண்மை என்று சொல்லவே முடியாது. ஆசிரியர் அடித்தது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். இரு குவாரிகளின் வயது அமைப்பு ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலோ, தொழிலின் பாதிப்பு எல்லா வயதிலும் ஒரே மடங்காக இருந்தாலோ இரண்டு எஸ்.எம்.ஆர்.களை ஒப்பிடுவதில் பெரிய பிழை வராது. உங்கள் குவாரிகள் வயது அமைப்பில் நேர் எதிரெதிர். மடங்கு ஒன்றா என்பதோ தெரியவே தெரியாது.

26 மிகச் சின்ன எண்

வயது அமைப்புச் சிக்கலே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், முதல் குவாரி மாநிலத்தைவிட மோசம் என்று 26 இறப்புகளை வைத்துச் சொல்லமுடியுமா? அதே குவாரி, அதே நிலைமை, இன்னொரு ஐந்தாண்டு என்றால் எண்ணிக்கை 20 ஆகவும் வரலாம், 32 ஆகவும் வரலாம். இந்தத் தற்செயல் ஊசலை அளக்க ஒரு கைக்கணக்கு உண்டு. இறப்புகளின் வர்க்கமூலத்தை 1.96-ஆல் பெருக்கி இருபுறமும் வையுங்கள்.

```
26 ± 1.96 × √26  =  26 ± 10  =  16 முதல் 36
16/18 × 100 = 89      36/18 × 100 = 200
```

ஆக உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லையான 95 சதவீத நம்பக இடைவெளி 89 முதல் 200 வரை. பாய்சான் பரவலை வைத்துத் துல்லியமாகப் போட்டால் ஏறக்குறைய 94 முதல் 212 வரை வரும். எப்படிப் போட்டாலும் 100 அந்த இடைவெளிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதாவது கூடுதல் ஆபத்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 26 இறப்புகள் அதைத் தீர்க்கப் போதாது. இரண்டாவது குவாரிக்குக் கைக்கணக்கில் 74 முதல் 136 வரை வருகிறது. இரண்டு இடைவெளிகளும் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாகக் கவிந்துகிடக்கின்றன.

போஸ்டர் விஷயத்தில் என் கருத்து இதுதான்: அந்த வாக்கியத்தைப் போடாதீர்கள். 144-ஐப் போடுங்கள், பக்கத்திலேயே இடைவெளியையும் போடுங்கள். குழுவினர் "அப்புறம் சொல்வதற்கு என்ன இருக்கிறது?" என்று முறைப்பார்கள். பயிற்சித் தாள் என்பதால் இன்று யாருக்கும் நஷ்டமில்லை. நாளை உண்மையான குவாரி ஒன்றுக்கு இதையே எழுதினால், முதலாளியின் வழக்கறிஞர் ஒரே குறுக்குக் கேள்வியில் கவிழ்த்துவிடுவார். அந்தக் கேள்வியும் இதுதான்: "வயதுவாரியாக எத்தனை பேர்?"

105 என்றால் ஆபத்து இல்லை என்று ஆகுமா

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. முதல் குவாரியின் ஆபத்தை மிகைப்படுத்தாதீர்கள் என்றேன். அதே மூச்சில் இரண்டாவது குவாரியின் 105-ஐ நம்பிவிடவும் கூடாது.

குவாரியில் கல் உடைப்பவர் யார்? உடம்பில் வலு உள்ளவர். மாநிலத்தின் வீதத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவரும் உண்டு, வேலைக்கே போகமுடியாத இதய நோயாளியும் உண்டு. ஆரோக்கியமானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்த ஒரு கூட்டத்தை அத்தனை பேரும் கலந்த கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம். தொழிலில் கேடே இல்லாவிட்டால் எஸ்.எம்.ஆர். 100-க்குக் கீழேதான் வரவேண்டும். இதற்கு ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு என்று பெயர். அப்படியிருக்க 105 என்பது கூடுதல் ஆபத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் எண்ணாக இருக்கலாம்.

இதைவிடக் கொடியது பதிவேட்டில் நடக்கிறது. கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் தூசியைச் சுவாசித்த பிறகே தலைகாட்டும். காசநோயையும் கூட அழைத்துவரும். மூச்சுத் திணறல் வந்தவர் கல் உடைக்க முடியாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார். அவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். இரண்டு வருடம் கழித்து அவர் வீட்டில் இறந்தால், குவாரியின் 44-ல் அவர் இல்லை. நோயாளியாகி வெளியேறியவர்களின் இறப்பை விட்டுவிட்டு எண்ணினால் குவாரி புனிதமாகத் தெரியும். உண்மையான ஆய்வில் முதலில் கேட்கவேண்டியது, வேலையை விட்டவர்களைத் தேடிப் போனீர்களா என்பதுதான்.

எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு பிழையும் இருக்கிறது. தாளிலுள்ள மாநில வீதம் ஆண், பெண் இருவருக்கும் சேர்த்தா? வேலைக்கு வரும் வயதுகளில் இந்தியாவில் ஆண்களின் இறப்பு வீதம் பெண்களைவிட அதிகம். குவாரியில் பெரும்பாலும் ஆண்கள் என்றால், இருபாலருக்கும் பொதுவான வீதத்தைப் போட்டால் எதிர்பார்த்த இறப்பு குறைவாக வரும், எஸ்.எம்.ஆர். பொய்யாக ஏறும். வெள்ளிக்கிழமைக்குள் இதை ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக மதிப்பெண் குறையாது.

காகிதத்தில் பிறந்த ஒரு லட்சம் பேர்

இனி ஆயுள் அட்டவணை. அதில் வரும் `l0` = 1,00,000 பேர் எந்த ஊரிலும் இல்லை. நம் மாவட்டத்தில் இந்த ஆண்டு ஒவ்வொரு வயதிலும் நிலவுகிற இறப்பு வீதங்களை அப்படியே நிறுத்திவைத்து, ஒரு லட்சம் குழந்தைகள் அந்த வீதங்களின் வழியாகவே கடைசிவரை நடந்துபோனால் எத்தனை பேர் எந்தப் படியில் விழுவார்கள் என்று பார்க்கிறோம். அதனால் 68 என்பது இன்று பிறக்கும் குழந்தைக்கான ஜாதகம் அல்ல. அந்தக் குழந்தை 60 வயதை எட்டும்போது வீதங்கள் இப்படியே இருக்கப்போவதில்லை. இன்றைய இறப்பு நிலைமையைச் சுருக்கிச் சொல்லும் ஓர் எண் அது.

ஆட்கள் காகித மனிதர்கள் என்பதால் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. எந்த ஊருக்குப் போட்டாலும் அந்த ஊரின் வயது அமைப்பு கணக்குக்குள் நுழையாது. 2018-ல் மாதிரிப் பதிவு முறையின்படி கேரளத்தின் ஒட்டுமொத்த இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 6.9, பீகாருடையது 5.8. பீகார் தேவலை என்று யாராவது சொல்வார்களா? அதே ஆண்டு கேரளத்தில் ஆயிரம் பிறப்புக்கு 7 சிசுக்கள் இறந்தன, பீகாரில் 32. கேரளத்தில் முதியவர்கள் அதிகம் என்பதால்தான் ஒட்டுமொத்த வீதம் ஏறித் தெரிகிறது. ஆயுள் எதிர்பார்ப்பைப் பார்த்தால் கேரளம் 75-ஐ ஒட்டி நிற்கிறது, பீகார் 69-ஐ ஒட்டி. உங்கள் குவாரிகளில் 5.2-ம் 8.8-ம் செய்த அதே குறும்புதான் இதுவும்.

60 வயதுக்காரருக்கு 8 அல்ல, 18

68-லிருந்து 60-ஐக் கழிப்பது எல்லோரும் செய்யும் தவறு. ஓய்வூதியம் பற்றிப் பேசும் பெரியவர்களே செய்கிறார்கள். 68 என்பது ஒரு லட்சம் பேரின் சராசரி. அதில் பிறந்த முதல் வாரத்தில் இறந்த குழந்தையும் சேர்ந்திருக்கிறது, இருபதில் விபத்தில் போனவரும் சேர்ந்திருக்கிறார். 60-ஐ எட்டியவர் அந்தக் கண்டங்களையெல்லாம் தாண்டி வந்துவிட்டார். அவருக்கு அவர்களோடு சராசரி போடக்கூடாது.

உங்கள் அட்டவணையிலேயே விடை இருக்கும். மாதிரிக்கு நான் சில எண்களை வைத்துக் காட்டுகிறேன். உங்கள் தாளின் எண்களைப் பொருத்திக்கொள்ளுங்கள். `Tx` என்பது அந்த வயதைத் தொட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து இனி வாழப்போகும் மொத்த ஆண்டுகள். அதைத் தொட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு என்பது கிடைக்கும்.

```
e0  = 68,00,000 / 1,00,000 = 68.0
e60 = 13,68,000 /   76,000 = 18.0
```

60-ஐத் தொட்டவர்கள் 76,000 பேர். அவர்களுக்கு இன்னும் சராசரியாக 18 ஆண்டுகள், அதாவது 78 வயதுவரை.

இதைவிட வியப்பானது முதல் வயதில் நடக்கும். ஆயிரத்துக்கு 40 சிசுக்கள் இறக்கிற மாவட்டம் என்றால் முதல் பிறந்தநாளைக் காண்பவர்கள் 96,000. இறந்த 4,000 குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் மாதத்துக்குள்ளேயே போய்விடும் என்பதால் ஒவ்வொன்றும் அரை வருடம் வாழ்ந்ததாக எடுக்கக்கூடாது, சராசரியாக 0.3 ஆண்டு என்று எடுப்பது பாடப்புத்தக வழக்கம். ஆக முதல் ஆண்டில் வாழ்ந்த மொத்தம் 96,000-த்தோடு 1,200 சேர்ந்து 97,200 ஆண்டுகள். மீதி 67,02,800-ஐ 96,000-ஆல் வகுத்தால் 69.8. பிறந்தபோது 68 ஆண்டுகள் மீதம் இருந்த குழந்தைக்கு, ஒரு வருடத்தைச் செலவழித்த பிறகு 69.8 ஆண்டுகள் மீதம்! வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டு மாணவர்களைத் திணறடிப்பது எங்களுக்கு ஒரு சிறு சந்தோஷம். முதல் வருடம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் அட்டவணையில் வேறில்லை. சிசு இறப்பு மிகக் குறைந்த இடங்களில் இந்த விநோதம் மறைந்துபோகும்.

இங்கே இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சிசு இறப்பு வீதம் ஏற்கெனவே பிறந்தவர்களில் இத்தனை பேர் என்ற நிகழ்தகவாகவே இருக்கிறது. அதை நேரடியாக, முதல் பிறந்தநாளுக்குள் இறக்கும் நிகழ்தகவான `q0` இடத்தில் வையுங்கள். அடுத்து நான் சொல்லப்போகும் சூத்திரத்துக்குள் அதை மறுபடி தள்ளிவிடாதீர்கள்.

5-ஆல் பெருக்கியது எங்கே இடறியது

80–84 வயதுக்கு வீதம் 0.12 என்று வைத்துக்கொள்வோம். 5-ஆல் பெருக்கினால் 0.60. நூறு பேரில் அறுபது பேர் ஐந்தாண்டில் இறப்பார்கள் என்று ஆகிறது. ஆனால் வீதத்தின் கீழே இருப்பது உயிரோடு வாழ்ந்த ஆள்-ஆண்டுகள். முதல் வருடத்தில் இறந்தவர் அடுத்த நான்கு வருடங்களுக்கு ஆள்-ஆண்டு தரமாட்டார். அவரை மறுபடி சாகவைக்கவும் முடியாது. நீங்கள் செய்த பெருக்கல் இறந்தவர்களையும் உயிரோடு இருப்பவர்களாக எண்ணி அவர்களிடமிருந்தும் இறப்பை வசூலிக்கிறது. இறப்புகள் ஐந்தாண்டில் சீராகப் பரவியிருக்கின்றன என்று எடுத்துக்கொண்டால் திருத்தம் இது; `n` பிரிவின் ஆண்டுகள், `M` இறப்பு வீதம், `q` அந்தப் பிரிவுக்குள் இறக்கும் நிகழ்தகவு:

```
q = n × M / (1 + (n/2) × M)
q = 5 × 0.12 / (1 + 2.5 × 0.12) = 0.60 / 1.30 = 0.46
```

அறுபது அல்ல, நாற்பத்தாறு. நடுத்தர வயதுகளில் வீதம் சிறியது என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 60–64 வயதில் 0.020 என்றால் 0.100-க்குப் பதில் 0.095 வரும். அதனால்தான் உங்களுக்குச் சந்தேகம் எழவில்லை. முதுமையில்தான் குட்டு வெளிப்படும்.

85-க்கு மேல் 1 வந்தது தற்செயல். வீதம் 0.20 என்பதால் 5-ஆல் பெருக்க 1 ஆனது, 0.25 ஆக இருந்திருந்தால் 1.25 வந்திருக்கும், இருப்பவர்களைவிட இறந்தவர்கள் அதிகமாகியிருப்பார்கள், நீங்களும் அன்றே விழித்துக்கொண்டிருப்பீர்கள். கடைசிப் பிரிவுக்கு முடிவு எல்லை கிடையாது. அங்கே `q` கணக்கிட்டு வருவதில்லை, 1 என்று நாமே எழுதுகிறோம், எல்லோரும் ஒருநாள் இறப்பவர்கள் என்பதால். அங்கே கணக்கிடவேண்டியது வாழும் ஆண்டுகளை. தொட்டவர்களின் எண்ணிக்கையை வீதத்தால் வகுக்கவேண்டும். எனவே 85-ல் ஆயுள் எதிர்பார்ப்பு 1/0.20 = 5 ஆண்டுகள். நீங்கள் அதையும் ஐந்தாண்டுப் பிரிவாக நினைத்துப் பாதியை எடுத்திருந்தால் 2.5 வந்திருக்கும். அப்படி வந்திருந்தால் அந்தப் பிழை `T` வரிசை வழியாக மேலே ஏறி எல்லா வயதையும் தொட்டிருக்கும். கீழிருந்து கூட்டிக்கொண்டு போகிறோம் அல்லவா? எனவே திருத்தத்தைக் கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள்.

குவாரிக்கு ஆயுள் அட்டவணை போடலாமா

பிறப்பிலிருந்து போடமுடியாது. யாரும் குவாரியில் பிறப்பதில்லை, 60-க்கு மேல் உங்களிடம் தரவும் இல்லை. ஆனால் 20 வயதில் 1,000 பேரைக் காகிதத்தில் வேலைக்குச் சேர்த்து, 60-ஐ எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று பார்க்கலாம். அதற்கு வயதுவாரி வீதம் வேண்டும். அதாவது தாளில் இல்லாத அந்தப் பிரிவினை வேண்டும். நான் மேலே வைத்துப் பார்த்த வீதங்களையே எடுத்துக்கொள்கிறேன்: இளையோருக்கு 0.004, மூத்தோருக்கு 0.010. அதே சூத்திரம், 20 ஆண்டுப் பிரிவு.

```
குவாரி:   q20–39 = 0.08/1.04 = 0.077   q40–59 = 0.20/1.10 = 0.182
மாநிலம்:  q20–39 = 0.04/1.02 = 0.039   q40–59 = 0.20/1.10 = 0.182
```

குவாரியில் 1,000 பேரில் 923 பேர் 40-ஐத் தொடுவார்கள், 755 பேர் 60-ஐத் தொடுவார்கள். மாநிலத்தில் 961, பிறகு 786. வித்தியாசம் ஆயிரத்துக்கு 31 பேர். இப்போது வீதம் குவாரியுடையது, ஆட்கள் எல்லாக் கணக்கிலும் ஒரே 1,000 காகித மனிதர்கள். அதனால் இரண்டு குவாரிகளுக்கும் ஒரே விடைதான் வரும், வரவும் வேண்டும். 144-ம் 105-மாகப் பிரிந்து நின்றவை இங்கே ஒன்றாகிவிட்டன. இரண்டு குவாரிகளை ஒப்பிட வேண்டுமானால் எடுக்கவேண்டிய வழி இது, அல்லது குவாரிகளின் வீதங்களைப் பொதுவான ஒரு மக்கள் தொகைமீது ஏற்றும் நேரடித் தரப்படுத்தல்.

20 ஆண்டுப் பிரிவு மிக அகலம் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். 40 வயதின் இறப்பும் 59 வயதின் இறப்பும் ஒன்றல்ல. ஐந்தாண்டாகப் பிரித்தால் நல்லது என்று ஆசை வரும். 26 இறப்புகளை எட்டுப் பிரிவுகளில் போட்டால் சிலவற்றில் ஒன்றோ பூஜ்யமோ விழும், வீதங்கள் தறிகெட்டு ஆடும். பத்தாண்டுப் பிரிவு உங்களுக்கு நடுவழி.

வெள்ளிக்கிழமைக்கு முன் ஆசிரியரைப் பார்க்கும்போது மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாதீர்கள். இறந்த 26 பேரின், 44 பேரின் வயது கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால், அடித்த வாக்கியத்தின் இடத்தில் இப்படி எழுதலாம்: "முதல் குவாரியில் எதிர்பார்த்த 18-க்கு 26 இறப்புகள் நிகழ்ந்தன (எஸ்.எம்.ஆர். 144, நம்பக இடைவெளி ஏறக்குறைய 89–200). இரண்டாவதில் 42-க்கு 44 (105, 74–136). குவாரிகளின் வயது அமைப்பு வெவ்வேறு, இறந்தவர்களின் வயதும் தெரியாது என்பதால் இவ்விரு எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட இயலாது."